மஞ்சள் தடுப்பு தெரிந்தால் யாமகுச்சி

"கூகுள் ஸ்ட்ரீட் வியூ படத்தில் எங்கோ ஒரு சாலையில் இறக்கிவிட்டு, அது எந்த இடம் என்று மேப்பில் குத்தச் சொல்கிற ஜியோகெஸ்ஸர் விளையாடும்போது, போர்டு எதுவும் கண்ணில் படாத சாலையில் இறக்கிவிட்டால் எனக்குக் கை ஓடுவதில்லை. சிலர் ஓரத்துக் கார்ட் ரெயில், ஸ்பீட் பிரேக்கர், நடைமேம்பாலம் இதையெல்லாம் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். எப்படி? எங்கே ஆரம்பிப்பது?"

ஜப்பானில் ஆரம்பியுங்கள். எல்லா நாட்டுத் தடுப்பையும் ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும், எதுவும் தலையில் நிற்காது. ஒரே ஒரு நாட்டின் சாலையோர இரும்பைப் பொறுமையாகப் பார்த்தால், அது எப்படித் துப்பாக மாறுகிறது என்பது புரிந்துவிடும். அப்புறம் மற்ற நாடுகளை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தடுப்பு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு நாடு முழுக்க ஒரே தரவிதி. ஆனால் தடுப்பை நடுகிறவர்கள் மூன்று தரப்பு: மத்திய அரசு, 47 மாகாண அரசுகள், அதற்குக் கீழே நகராட்சிகளும் ஊராட்சிகளும். அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். நிறம், அலங்காரம், ஒட்டுகிற ஸ்டிக்கர் இவற்றில்தான் தரப்புக்குத் தரப்பு மாறும். ஆக, சாலையோர இரும்பு உங்களிடம் முதலில் சொல்வது "இது எந்த ஊர்" என்பதை அல்ல, "இது யாருடைய சாலை" என்பதை. ஊரை அதிலிருந்து நாம்தான் பிடிக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு நானே தோற்றிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நமக்குப் பழகிய தடுப்பு. நான் கொஞ்ச காலம் நான்குவழிச் சாலை வேலையில் சைட் எஞ்சினியராக இருந்தவன். நம் தேசிய நெடுஞ்சாலையில் நடுகிற இரும்புத் தடுப்புக்கு சைட்டில் 'டபிள்யூ பீம்' என்றுதான் பெயர். 3 மி.மீ. தடிமனுள்ள தகட்டை இரண்டு அலையாக மடித்திருப்பார்கள். தரையிலிருந்து 70 செ.மீ. உயரம், 2 மீட்டருக்கு ஒரு தூண். தூண் ஒரு சேனல் இரும்பு. மேலிருந்து பார்த்தால் நம் 'ப' எழுத்தைப் போல ஒரு பக்கம் திறந்திருக்கும். தகட்டை நேரே தூணில் முடுக்க மாட்டோம், நடுவே இன்னொரு துண்டுச் சேனலை வைப்போம். மோதுகிற வண்டியின் சக்கரம் தூணில் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. மேலே துத்தநாகப் பூச்சு மட்டும், பெயின்ட் கிடையாது. புதிதில் பளபளக்கும், நாலு மழை கண்டதும் மங்கிய சாம்பல் நிறமாகிவிடும்.

இப்போது ஜப்பானின் ஒரு சாதாரண கிராமத்துச் சாலைக்குப் போங்கள். அங்கும் தகடு இரண்டு அலைதான், அதனால் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கேமராவைத் திருப்பித் தடுப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். தூண் உருண்டையான குழாய். அதன் தலையில், மழைநீர் உள்ளே இறங்காமல் ஒரு மூடி. தகடும் தூணும் வெள்ளைப் பெயின்ட். கடைசித் துண்டு கைக்குட்டையைச் சுருட்டிய மாதிரி வட்டமாக வளைந்து முடியும். அதற்கு அவர்கள் மொழியில் சட்டைக் கை என்று பொருள்படும் 'சோதே' என்று பெயர். உருண்டைத் தூண், வெள்ளைப் பூச்சு, சுருண்ட முனை இந்த மூன்றும் சேர்ந்திருந்து, வண்டி இடது பக்கம் ஓடினால் நீங்கள் ஜப்பானில் இருக்கிறீர்கள் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் பேசும். சாதாரணச் சாலைகளில் அதிகம் காணும் ரகத்தில், மண்ணில் நட்டால் 4 மீட்டருக்கு ஒரு தூண், கான்கிரீட் சுவரில் பதித்தால் 2 மீட்டருக்கு ஒன்று. ஒரே தடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தூண்கள் நெருக்கமானால், கீழே மண் முடிந்து தாங்குசுவரோ பாலமோ வந்துவிட்டது என்று அர்த்தம். இதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. ஆனால் ஓரத்துப் புதர் மறைத்திருந்தாலும், பக்கத்தில் ஆறோ பள்ளமோ இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேப்பில் இடம் தேடும்போது அது உதவும்.

சரி, நிறத்துக்கு வருவோம். இரவிலும் மூடுபனியிலும் தெரிய வேண்டும் என்பதால் வெள்ளை பல காலம் வழக்கமாக இருந்தது. 2004-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இயற்கை அழகு உள்ள இடத்திலும் பழமையான ஊர்களிலும் பளிச்சென்ற வெள்ளை கண்ணை உறுத்துகிறது, அடர்பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு, அடர்சாம்பல் ஆகிய நிறங்களைப் பரிசீலியுங்கள் என்று அது சொன்னது. அதனால் பழுப்புத் தடுப்பைப் பார்த்தால் மாகாணம் தெரியாது. ஏதோ பூங்காவோ கோயிலோ சுற்றுலாத்தலமோ பக்கத்தில் இருக்கலாம், தடுப்பும் ஓரளவு புதிது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பழுப்பைப் பார்த்ததும் 'கியோட்டோ' என்று குத்துகிறவர்கள் நிறையப் பேர். பழுப்புத் தடுப்பு நாடு முழுக்க இருக்கிறது.

இதற்கு நேரெதிர் யாமகுச்சி. ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷுவின் மேற்குக் கோடியில் இருக்கும் மாகாணம் இது. இங்கே மாகாண அரசு பராமரிக்கும் சாலைகளில் தடுப்பு வெள்ளை இல்லை, ஆரஞ்சு கலந்த மஞ்சள். 1963-ல் தேசிய விளையாட்டு விழா இந்த மாகாணத்தில் நடந்தது. அதற்காகச் சாலைகளைச் சீர் செய்தபோது, தங்கள் ஊர் விளைச்சலான 'நட்சுமிகான்' என்கிற கோடைக்கால ஆரஞ்சின் நிறத்தைத் தடுப்புகளுக்கு அடித்தார்கள். விழா முடிந்தும் நிறம் நின்றுவிட்டது. இன்று வரை புதிதாக நடுவதற்கும் அதே நிறம்தான். நட்சுமிகான் பூ அந்த மாகாணத்தின் அடையாள மலரும்கூட. மாகாணத்தின் வடகரையில் இருக்கும் ஹகி ஊரில் பழைய வீட்டு மதில்களுக்கு மேலே இந்தப் பழம் தொங்கும்.

ஒரு ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன். இறங்கிய இடம் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் தேவதாரு போன்ற நெட்டை மரங்கள், கொஞ்சம் மூங்கில். வீடு இல்லை, போர்டு இல்லை. வலது பக்கம் மட்டும் தடுப்பு, உருண்டைத் தூண், சுருண்ட முனை. நாடு அதிலேயே முடிந்தது. நிறம் வெளிறிய மஞ்சள், நிழலில் பார்த்தால் அழுக்கு வெள்ளை என்று தோன்றும். இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. வெயில் நேராக விழும் துண்டு வரும் வரை நாலு அடி நகர்ந்து பார்த்தேன். இரண்டு தகடு மேலேறிச் சேரும் இடுக்கில், மழையும் வெயிலும் படாத ஓரத்தில், அசல் ஆரஞ்சு அப்படியே இருந்தது. யாமகுச்சி உறுதி.

அடுத்து மாகாணத்துக்குள் எங்கே? வளைவு திரும்பியதும் இரண்டு வீடு தெரிந்தது. கூரை ஓடு பளபளப்பான செம்பழுப்பு. இந்த ஓடு யாமகுச்சிக்கு வடகிழக்கே ஒட்டியிருக்கும் ஷிமானே மாகாணத்தின் மேற்குப் பகுதியில் சுடப்படுவது, சேகிஷு ஓடு என்பார்கள். அதை அதிகம் பார்க்கிற பக்கம் ஜப்பான் கடலோரமும் அதை ஒட்டிய மலைகளும். தெற்குக் கரைத் தொழில் நகரங்களை அதனால் ஒதுக்கிவிட்டேன். தடுப்பு மஞ்சளாக இருப்பதால் சாலை மாகாண அரசின் கையில் இருப்பது. ஆகவே மேப்பில் பெரிய நெடுஞ்சாலையையும் வீட்டுச் சந்துகளையும் விட்டுவிட்டு, ஹகிக்குக் கிழக்கே மலைக்குள் போகும் நடுத்தரச் சாலைகளில் ஒன்றைக் குத்தினேன். 40 கிலோமீட்டருக்குள் இருந்தது. 5,000-க்கு 4,800-க்கு மேல். போர்டே படிக்காமல் கிடைத்த மதிப்பெண்.

இப்போது தோற்ற கதை. இன்னொரு நாள், கிட்டத்தட்ட அதே மாதிரி இடம். அதே செம்பழுப்பு ஓடு, குறுகலான சாலை, பாசி பிடித்த வெள்ளைத் தடுப்பு. "மஞ்சள் இல்லை, ஆகவே யாமகுச்சி இல்லை, ஓடு இருப்பதால் ஷிமானே" என்று முடிவு கட்டி, அந்த மாகாணத்தின் நடுவில் குத்தினேன். விடை யாமகுச்சி. எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தேன். என்ன நடந்தது என்றால், அது ஊராட்சிச் சாலை. மஞ்சள் பூசுவது மாகாண அரசின் வழக்கமே தவிர, கீழே இருக்கும் ஊர்களின் வழக்கமோ, மத்திய அரசு நேரே பராமரிக்கும் நெடுஞ்சாலைகளின் வழக்கமோ அல்ல. ஜப்பானின் மொத்தச் சாலை நீளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நகராட்சி, ஊராட்சிச் சாலைகள். அப்படியென்றால் யாமகுச்சிக்குள்ளேயே நீங்கள் நிற்கும் சாலையில் மஞ்சள் இல்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் யாமகுச்சி என்பது சரி. மஞ்சள் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்த ஒருவழித் தன்மை ஏறக்குறைய எல்லாச் சாலைத் துப்புக்கும் உண்டு.

யாருடைய சாலை என்று கண்டுபிடிக்க நிறம் தவிர இன்னொரு வழி, தடுப்பின் மேலும் ஓரத்திலும் நிற்கும் ரிஃப்ளெக்டர் கம்பங்கள். வட்டமான பிரதிபலிப்பான் வைத்த ஒல்லிக் கம்பம். அதன் உடம்பில் பல இடங்களில் பராமரிக்கிறவரின் பெயரை மேலிருந்து கீழாக எழுதியிருப்பார்கள். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி எழுத்தை மட்டும் பாருங்கள். 県 என்று முடிந்தால் மாகாணம், 市 என்று முடிந்தால் நகராட்சி. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள்தான் பெயர். மாகாணப் பெயர்கள் 47-தான், வடிவத்தைப் பார்த்துப் பொருத்த ஒரு அட்டவணை பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கேமரா தள்ளி நின்றால் எழுத்து மங்கும். ஒரு கம்பத்தில் படிக்க முடியாவிட்டால் அடுத்த கம்பத்துக்குப் போங்கள், வெயில் படும் கோணம் மாறியதும் தெரியும்.

மலைப்பாதையில் சில இடங்களில் தடுப்பு இரும்பாகவே இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் கட்டைகள், நடுவில் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். ஏற்காடு, கொல்லிமலை ஏறியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு ஓரத்துக் கைப்பிடிச் சுவர் நினைவுக்கு வரும், ஏறக்குறைய அந்தச் சாயல்தான். ஜப்பானில் இதைக் 'கொமதோமே' என்பார்கள், 'குதிரையை நிறுத்துவது' என்று பொருள். இரும்புத் தடுப்பு பரவுவதற்கு முந்திய காலத்து வேலை. இதைக் கண்டால் பழைய சாலை, பெரும்பாலும் போக்குவரத்து குறைந்துபோன சாலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே புதிய சுரங்கப்பாதை வெட்டி, பிரதான வழியை அதற்கு மாற்றியிருப்பார்கள். மேப்பில் நேராகப் போகும் தடித்த கோட்டுக்குப் பக்கத்தில் புழுவைப் போல நெளியும் மெல்லிய கோட்டைத் தேடுங்கள்.

வடக்கே போனால் பனி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தகடு வைத்த தடுப்பில் காற்று அடித்துக் கொண்டுவரும் பனி குவியும், பனி தள்ளும் வண்டிக்கும் இடைஞ்சல். அதனால் பனி விழும் பகுதிகளில் தகட்டுக்குப் பதிலாகத் தூண்களுக்கு இடையே இரும்பு வடங்களை இழுத்துக் கட்டிய தடுப்பு அதிகம் தெரியும். பனி வடத்துக்கு இடையே புகுந்து போய்விடும். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இன்னொன்றும் உண்டு. சாலையோரக் கம்பத்தின் உச்சியிலிருந்து சாலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட அம்பு ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். அது காட்டுவது சாலையின் விளிம்பை. பனி மூடிவிட்டால் ஓட்டுநருக்கும் பனி தள்ளுகிறவருக்கும் சாலை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நடுக்கோடையில் எடுத்த படத்தில் பச்சை வயலுக்கு நடுவே இந்த அம்பு வரிசையாக நிற்பதைப் பார்த்தால், முதலில் ஹொக்கைடோவை நினையுங்கள்.

இருவழி விரைவுச்சாலையில் நடுக்கோட்டில் ஒல்லித் தூண்களும் வடமும் மட்டும் ஓடுவதைப் பார்த்தால் அது வேறு. எதிர்ப்பக்க வண்டி தாண்டி வந்து மோதாமல் இருக்க வைத்தது. 2017-லிருந்துதான் இது பரவலானது. இடத்தைவிடப் படம் எடுத்த காலத்தைத்தான் அது அதிகம் சொல்லும்.

நகரத்துக்குள் வந்தால் அலைத்தகடு குறைந்து குழாய்த் தடுப்பு வரும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே, இரண்டு மூன்று குழாய்கள் கிடையாக ஓடும். மாநகரங்கள் தங்கள் சின்னத்தைக் காட்டுகிற இடம் இதுதான். டோக்கியோவின் அடையாள மரம் கிங்கோ. டோக்கியோ மாநகர அரசின் சாலைகளில் குழாயையே வளைத்துக் கிங்கோ இலையின் விசிறி வடிவம் வருமாறு செய்த தடுப்புகள் உண்டு. எழுத்து எதுவும் இல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்கிற இரும்பு. ஆனால் இங்கும் அதே எச்சரிக்கை: டோக்கியோவுக்குள்ளேயே தேசிய நெடுஞ்சாலையிலும் வட்டாரச் சந்துகளிலும் வேறு வடிவம்தான் இருக்கும்.

வேலை நடக்கும் இடத்தில் குரங்கு, தவளை, முயல் வடிவில் பிளாஸ்டிக் பொம்மைகள் இரண்டு பக்கமும் நின்று ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். நம் ஊரில் ஜவுளிக்கடைப் பெயர் எழுதிய போலீஸ் பேரிகேட் எப்படியோ, அங்கே இது அப்படி. சில வட்டாரங்களுக்கென்று தனிப் பொம்மைகள் இருந்தாலும் அவை லாரியில் ஏறி அடுத்த வேலைக்குப் போகிற சாமான்கள். நட்டுவைத்த இரும்புக்கு இருக்கும் நம்பகத்தன்மை இதற்குக் கிடையாது.

வேகத்தடைக்கு வருவோம். ஜப்பானில் இது ஒரு வினோதமான துப்பு, ஏனென்றால் அது இல்லாததுதான் துப்பு. நம் ஊரில் பள்ளிக்கு முன்னால் ஒன்று, கோயில் முனையில் ஒன்று, விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே தாரைக் கொட்டி எழுப்பியது ஒன்று என்று நூறு மீட்டருக்கு ஒரு மேடு இருக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற நம் நெடுஞ்சாலைப் பொறியாளர் அமைப்பின் விதிப்படி வட்டமேடு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் வசதியாக ஏறி இறங்கலாம். நடப்பில் இருப்பது ஒரு முழ அகலத்தில் முதுகெலும்பைப் பதம் பார்க்கிற மேடு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை உங்கள் இடுப்பு அறியும்.

ஜப்பானில் பொதுச்சாலையில் உயர்ந்த மேட்டைப் பார்ப்பது அரிது. வீடுகள் சாலையை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொரு வண்டியும் ஏறி இறங்கும் சத்தமும் அதிர்வும் வீட்டுக்குள் வரும், புகார் வரும். மேடுகளுக்கான தேசியத் தொழில்நுட்ப விதியே 2016-ல்தான் வந்தது. அதற்குப் பதில் அவர்கள் நம்பியிருப்பது பெயின்ட். மேடு இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் முக்கோணங்களையும் கட்டங்களையும் தரையில் வரைந்துவிடுவார்கள், தரை சமமாகவே இருக்கும். 2011-லிருந்து குடியிருப்புப் பகுதிகளை 30 கி.மீ. வேக மண்டலங்களாக அறிவித்து, நுழைவாயிலில் தரையிலேயே பெரிதாக எழுதி வைக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் ஓரமாகப் பச்சைப் பட்டை அடித்திருக்கும்.

இதைத் தென்கொரியாவோடு வைத்துப் பார்த்தால் பலன் தெரியும். புதிதாக விளையாடுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு, முக்கியமாக வண்டி எதுவும் இல்லாத சந்தில் நிற்கும்போது. கொரியாவில் மேடுகள் சர்வ சாதாரணம். வட்டமேட்டின் அளவு 3.6 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், அதன்மேல் வெள்ளையும் மஞ்சளும் சாய்வுப் பட்டைகளாக மாறி மாறி. ஊருக்குள் ஒரு தெருவில் கொஞ்ச தூரம் போனால் ஒன்றாவது எதிர்ப்படும். அப்படி ஒரு பட்டை மேட்டைப் பார்த்த கணமே ஜப்பானை அழித்துவிடலாம். சாய்ந்து விழும் நிழலைக் கவனியுங்கள்: நிழலின் கோடு மேட்டில் ஏறி வளைந்தால் உண்மையான மேடு, நேராகவே ஓடினால் வெறும் பெயின்ட். கொரியாவிலும் வெறும் பட்டை வரைந்த இடங்கள் உண்டு என்பதால், நிறத்தையும் சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக நடைமேம்பாலம். ஜப்பானில் இவை ஒரு குறிப்பிட்ட காலத்தின் மிச்சம். 1950-களின் கடைசியிலிருந்து கார்கள் பெருகி, சாலையில் சாகிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 'போக்குவரத்துப் போர்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1970-ல் மட்டும் 16,765 பேர். குழந்தைகள் சாலையைக் கடக்க வேண்டியிருந்த இடங்களில் பாலங்கள் மளமளவென்று எழுந்தன. ஐச்சி மாகாணத்தில், நகோயாவுக்குப் பக்கத்து நிஷிபிவாஜிமாவில் 1959-ல் கட்டியதுதான் முதல் பாலம் என்பார்கள். அதனால் ஜப்பானிய நடைமேம்பாலம் என்றால் ஒரே சாயல்: ஒரு தாவலில் சாலையைக் கடக்கும் இரும்பு கர்டர், வெளிர்பச்சையோ வெளிர்நீலமோ பூச்சு, நடைபாதையை ஒட்டியே இறங்கும் படிக்கட்டு. கூரையும் இல்லை, நம் ஊர்ப் பாலங்களைப் போல உடம்பு முழுக்க விளம்பரப் பலகையும் இல்லை.

பாலத்தை நாட்டைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தினால் வீண். அதன் நெற்றியைப் படியுங்கள். கர்டரின் நடுவில் பாலத்தின் பெயர் இருக்கும், கடைசி மூன்று எழுத்து 歩道橋. நடைமேம்பாலம் என்பதற்கு அதுதான் சொல். அதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் பெயரோ பக்கத்துப் பள்ளியின் பெயரோ. பல பாலங்களில் சந்திப்பின் பெயர்ப்பலகையையும் மாட்டியிருப்பார்கள், கீழே ரோமன் எழுத்திலும் இருக்கும். பெரிய சாலையில் இறங்கி ஒன்றும் புரியாமல் நின்றால், கடைப் பலகைகளைப் படிக்க முயல்வதைவிட அடுத்த நடைமேம்பாலம் வரை ஓடுவது லாபம். கடைப் பெயர் நாடு முழுக்க இருக்கும் சங்கிலிக் கடையாக இருக்கும், பாலத்தின் பெயர் அந்த நாற்சந்திக்கு மட்டும் உரியது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒசாகா, நகோயா போன்ற இடங்களில் பராமரிப்புச் செலவுக்காகப் பாலத்தின் பெயர் உரிமையை நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அப்போது நெற்றியில் வட்டாரப் பெயருக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பெயர் சேர்ந்திருக்கும். அதை ஊர்ப் பெயர் என்று நினைத்து மேப்பில் தேடினால் நேரம்தான் போகும். 歩道橋-க்கு முன்னால் எழுத்துகள் வழக்கத்தைவிட நீளமாக ஓடினாலோ, கம்பெனி லோகோ தெரிந்தாலோ, 歩道橋-ஐ ஒட்டி முன்னால் இருக்கும் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் ஊர்ப் பெயராக எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, படத்தின் தேதி. ஜப்பானில் ஸ்ட்ரீட் வியூ 2008-ல் வந்தது. அதற்குப் பிறகு பல பாலங்கள் துருப்பிடித்து, படி ஏற முதியவர்களால் முடியாமல், இடிக்கப்பட்டுவிட்டன. நிஷிபிவாஜிமாவின் அந்த முதல் பாலமே போய்விட்டது. பழைய படத்தில் பாலம் நிற்கும், இன்றைய மேப்பில் இருக்காது. பாலத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்று ஊரையே மாற்றிவிடாமல், படத்தின் மூலையில் வருடம் தெரிந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.